பத்தாவது தையல்காரர்: மதுரை நைட்டிப் பட்டறைகள் ஏன் பதிவுக்கு வெளியே நிற்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். முதலாளிகள், தையல்காரர்கள், பொருளியல் படிக்கும் மாணவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாத் தொழிலையும் தொடாமல், நைட்டி தைக்கும் பட்டறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அதில் வரும் கூலியும் வாடகையும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள். வரி, சட்ட வரம்புகள் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

முறைசாராத் தொழில் என்றாலே வரி ஏய்ப்பு, கறுப்புப் பணம் என்றுதானே பொருள்?

இல்லை. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர் செய்யும் தொழிலே குற்றம். நைட்டி தைப்பவர் செய்வது சட்டப்படியான தொழில். அது நடக்கும் விதம்தான் ஏதோ ஒரு பதிவேட்டுக்குள் வரவில்லை. 1960களில் கானா நாட்டின் அக்ரா நகரத்து ஏழை மக்களோடு இருந்து ஆய்வு செய்த கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர், வேலையில்லாதவர்கள் என்று அரசு கணக்கில் வைத்திருந்தவர்கள் உண்மையில் நாள் முழுவதும் ஏதாவது ஒரு வேலை செய்து சம்பாதித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, ‘முறைசாரா’ என்ற சொல்லை 1970களின் தொடக்கத்தில் இந்தப் பொருளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இவர்கள் சும்மா இருக்கவில்லை, நம் ஏட்டில்தான் இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

இந்தியாவில் வேளாண்மையையும் கட்டுமானத்தையும் விட்டுவிட்டு, கம்பெனியாகப் பதிவு பெறாத நிறுவனங்களை மட்டும் எண்ணிப் பார்க்கும் மத்திய அரசின் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 2023 அக்டோபர் முதல் 2024 செப்டம்பர் வரையிலான காலத்தில் அப்படிப்பட்டவை சுமார் 7.3 கோடி என்றும், அவற்றில் வேலை செய்பவர்கள் சுமார் 12 கோடி என்றும் அது சொல்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பேர்கூட வரவில்லை. பெரும்பாலானவை ஒருவர் தனக்குத் தானே வேலை கொடுத்துக்கொள்ளும் இடங்கள்.

எங்கள் பட்டறைக்கு மின் இணைப்பு இருக்கிறது, மாநகராட்சிக்கு வரி கட்டுகிறோம், வங்கிக் கணக்கும் உண்டு. பிறகு எப்படிப் பதிவில் இல்லை என்கிறார்கள்?

‘பதிவு’ என்று ஒரே ஏடு கிடையாது என்பதுதான் இதற்குப் பதில். மின்வாரியத்துக்கு நீங்கள் ஒரு மீட்டர் எண், மாநகராட்சிக்கு ஒரு வரிவிதிப்பு எண், ரேஷன் கடைக்கு ஒரு குடும்ப அட்டை. ஜி.எஸ்.டி., இ.எஸ்.ஐ., பி.எஃப்., வருமான வரி ஆகிய நான்கிலும் நீங்கள் இல்லாமல் இருக்கலாம். மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபத்தில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தவர்களை எல்லோரும் முறைசாராத் தொழிலாளர்கள் என்றே சொல்வார்கள். ஆனால் அங்கே கடை போட்டிருந்தவர்கள் கோயிலுக்கு வாடகை கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே ஒருவரைப் பற்றிப் பேசும்போது எந்த ஏட்டில் இல்லை என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

பத்துப் பேரை வைத்து வேலை வாங்க வசதியுள்ளவர்கூட ஏன் ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்கிறார்?

வில்லாபுரம் பக்கம் ஒரு பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியே கட்டிங் மாஸ்டர். மனைவி நூல் வெட்டி, பிசிறு பார்த்து, மடித்துக் கட்டுகிறார். ஒன்பது மெஷின்கள், ஒன்பது தையல்காரர்கள். துணி இவருடையது இல்லை. விளக்குத்தூண் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவர் தான் துணியை அனுப்பி, தைத்து வாங்கிக்கொள்கிறார். ஒரு நைட்டிக்கு அவர் கொடுக்கும் தையல் கூலி 35 ரூபாய். அதில் 20 ரூபாய் தைத்தவருக்கு. ஒரு தையல்காரர் நாளொன்றுக்கு 20 உருப்படி, மாதம் 25 நாள் என்றால், அவர் 500 உருப்படி தைத்து 10,000 ரூபாய் பெறுகிறார். மீதமுள்ள 15 ரூபாயில் நூல், ஓவர்லாக், ஊசி, மெஷின் பழுது, ஆட்டோ என்று 7 ரூபாய் போய்விடும். முதலாளி கைக்கு ஓர் உருப்படிக்கு 8 ரூபாய்.

ஒன்பது பேர் தைத்தால் மாதம் 4,500 உருப்படி, 36,000 ரூபாய். வாடகை 9,000, மின்சாரம் 4,000 போக 23,000 ரூபாய். இது கணவன் மனைவி இருவரும் காலை முதல் இரவு வரை உழைத்ததற்கான தொகை. லாபம் என்று சொல்வதைவிட இரண்டு பேர் சம்பளம் என்று சொல்வதே சரி. ஆண்டு வரவு 4,500 × 35 × 12, அதாவது 18,90,000 ரூபாய். சேவை செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் வரம்பு 20 லட்சம். பிறர் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது சேவையாகவே கருதப்படுவதால், சரக்கு விற்பவர்களுக்கு உள்ள 40 லட்சம் வரம்பு இவருக்கு இல்லை. எனினும் இவர் வரம்புக்குக் கீழேதான் இருக்கிறார், சட்டத்தை மீறவில்லை.

இப்போது தீபாவளி ஆர்டருக்காகப் பத்தாவது தையல்காரரைச் சேர்க்கிறார் என்று பாருங்கள். கூடுதலாக 500 உருப்படி, அதில் இவருக்கு 4,000 ரூபாய். ஆனால் பத்தாவது ஆள் உள்ளே வந்ததும் இ.எஸ்.ஐ. சட்டம் பட்டறைக்குப் பொருந்துகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் ஒவ்வொருவருக்கும் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்ட வேண்டும். பத்தாவது ஆளுக்கு மட்டும் அல்ல, பத்துப் பேருக்கும். மொத்தக் கூலி ஒரு லட்சம் என்பதால் முதலாளி பங்கு 3,250 ரூபாய். ஆண்டு வரவும் இந்த வேகத்தில் 5,000 × 35 × 12, அதாவது 21 லட்சமாகி ஜி.எஸ்.டி. வரம்பையும் தாண்டுகிறது, மாதக் கணக்கு, ரிட்டர்ன் வேலைக்கு என்னைப் போன்றவருக்கு 1,500 ரூபாய். ஆக 4,000 ரூபாய் வரவுக்கு 4,750 ரூபாய் செலவு. வேலையை விரித்ததற்கு மாதம் 750 ரூபாய் நட்டம்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. இ.எஸ்.ஐ. ஒரு முறை பொருந்திவிட்டால், பிறகு ஆள் எண்ணிக்கை குறைந்தாலும் அது தொடரும், பி.எஃப். விதியும் அப்படித்தான். தீபாவளிக்காகப் பத்தாவது ஆளைச் சேர்த்துப் பொங்கல் முடிந்து ஏழு பேராகச் சுருங்கினாலும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சீசனுக்குச் சீசன் விரிந்து சுருங்கும் தொழிலில் இது ஏற மட்டும் படி உள்ள மாடி. ஆகவே அவர் கீழேயே நிற்கிறார்.

அப்படியானால் தீபாவளி ஆர்டரை வேண்டாம் என்று விட்டுவிடுகிறாரா?

யாரும் விடுவதில்லை. பத்தாவது மெஷின் அனுப்பானடியில் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகும். வெட்டிய துணியை மூட்டையாகக் கட்டி டி.வி.எஸ். 50-இல் கொண்டு போய்க் கொடுத்து, இரண்டு நாள் கழித்துத் தைத்ததை வாங்கி வருவார்கள். வாடகையும் மின்சாரமும் அந்தப் பெண்ணுடையவை; கூலி மட்டும் 20 இல்லை, 18. வீட்டில் இருந்தபடி தைக்கும் வசதிக்காக இரண்டு ரூபாய் குறைத்ததாகச் சொல்வார்கள். வரவு 20 லட்சத்தைத் தாண்டாமல் இருக்க, மைத்துனர் பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கப்படும். அரசாங்கம் வளர்ச்சி என்று சொல்லும் ஒன்று இங்கே இப்படித்தான் நடக்கிறது. பட்டறை பெரிதாகாமல், பிரிந்து பிரிந்து பெருகுகிறது.

இந்தப் பிரிவினை சட்டத்தின் முன் நிற்குமா என்றால், பெரும்பாலும் நிற்காது. ஒரே வாசல், ஒரே மின் மீட்டர், ஒரே கையெழுத்தில் எழுதிய இரண்டு கணக்கு நோட்டு, இரண்டு பெயருக்கும் ஒரே வியாபாரியிடமிருந்து பணம் என்று இருந்தால், பெயர்ப்பலகை எத்தனை மாட்டினாலும் அதிகாரி அதை ஒரே நிறுவனமாகவே எண்ணுவார். நின்று கொண்டிருப்பது யாரும் வந்து பார்க்காததால்தான்.

நாங்கள் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை, பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறோம். எங்களைத் தொழிலாளர் என்றே எண்ண மாட்டார்கள் என்று மாஸ்டர் சொல்கிறார். உண்மையா?

உண்மை இல்லை. இதே தையல் தொழிலில் எழுந்த ஒரு வழக்கில், 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு என்று அதைக் குறிப்பிடுவார்கள். அங்கேயும் உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைப்பதும் உண்டு. ஆனால் மெஷின் கடைக்காரருடையது, வேலை பெரும்பாலும் கடையில் நடக்கிறது, தைத்தது சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. இவற்றைப் பார்த்து, அவர்கள் அந்தக் கடையில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர்களும் பி.எஃப். சட்டத்துக்குள் வருவார்கள் என்று 1985-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

எனவே கூலி கொடுக்கும் முறை முக்கியமில்லை. மெஷின் யாருடையது, பிசிறு பார்த்துத் திருப்பிக் கொடுப்பது யார், வேறு பட்டறைக்குத் தைக்க உங்களுக்கு விடுதலை உண்டா என்பவைதான் கேட்கப்படும்.

இ.எஸ்.ஐ.யில் 75 ரூபாய்தானே பிடிப்பார்கள்? தையல்காரர்களே வேண்டாம் என்கிறார்களே, ஏன்?

75 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. குடும்பத்துக்கே மருத்துவம், நோய்வாய்ப்பட்ட நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், பேறுகாலத்துக்கு 26 வாரச் சம்பளம் என்று அதற்குக் கிடைப்பது மிக அதிகம், தத்தனேரியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. இருந்தும் மறுப்பதற்கு நான் கேட்டறிந்த காரணங்கள் இரண்டு.

முதலாவது, அவர்கள் ஒரே பட்டறையில் நிற்பதில்லை. யார் முன்பணம் கொடுக்கிறாரோ அங்கே போவார்கள். நோய்க்காலப் பணம் பெற ஆறு மாதத்தில் 78 நாளாவது பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும். மூன்று பட்டறை மாறுபவருக்கு, அவற்றில் ஒன்று மட்டும் பதிவில் இருந்தால், அந்த 78 நாள் சேராது. பிடித்தது போனதுதான் மிச்சம்.

இரண்டாவது, காகிதத்தில் சம்பளம் ஏறிவிடுமே என்ற பயம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000 என்று ஒருவர் பெயரில் எழுதினாலே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. கணவரோ மகனோ சம்பாதிப்பதையும் சேர்த்தால் தாண்டிவிடும். மகளிர் உரிமைத் தொகைக்கான வரம்பு 2,50,000 என்பதால், அது நின்றுவிடும் என்று அஞ்சுபவர்களில் பலருக்கு அந்த அச்சம் தேவையில்லை. ஆனால் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ‘நீங்க சொல்வீங்க சார், நின்னு போச்சுன்னா யார் வாங்கித் தருவா?’ என்று ஓர் அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டால் பெரிய ஆர்டர் கிடைக்கும் என்கிறார்களே?

யாருக்குத் தைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பதிவு பெற்ற வியாபாரியின் துணியைக் கூலிக்குத் தைப்பதற்கு வரி 5 சதவீதம். 35 ரூபாய்க்கு 1.75. வியாபாரி அதைக் கொடுத்துவிட்டு, நைட்டியை விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். முறைப்படி பில் போட்டு விற்பவருக்கு இதில் ஒரு காசு நட்டமில்லை. ஏற்றுமதியாளர்களும் பெரிய கடைகளும் பதிவு உள்ளவரையே தேடுவார்கள்.

ஆனால் பாதிச் சரக்கை ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டில் விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். (அந்தச் சீட்டில் கடைப் பெயர்கூட இருக்காது, தேதி, உருப்படி, தொகை, கீழே ஒரு கிறுக்கல்.) நீங்கள் 5,000 நைட்டிக்குப் பில் கொடுத்தால், அவர் 5,000 நைட்டிக்கு விற்பனை காட்ட வேண்டும். உங்கள் பில் அவருக்கு முள். ஆகவே ‘பில் வேண்டாம், 35 ரூபாய் ரொக்கம், பில் போட்டாலும் அதே 35’ என்பார். அதற்கு ஒப்புக்கொண்டால் வரியை 35-க்குள்ளிருந்தே நீங்கள் எடுக்க வேண்டும். மாதம் 5,000 உருப்படிக்கு 8,300 ரூபாய்க்கு மேல் போய்விடும். பட்டறைக்காரர் தனியாக முடிவெடுத்துப் பதிவுக்குள் வர முடியாமல் போவது இந்த இடத்தில்தான். சங்கிலியின் கடைசிக் கண்ணி இருட்டில் இருக்க விரும்பினால், நடுக் கண்ணிகளும் அங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது. கடை வாசலில் நைட்டி வாங்கும்போது ‘பில் வேணுமா, சும்மாவா?’ என்று கேட்டதற்கு நாம் சொன்ன பதிலும் இந்தச் சங்கிலியில் சேர்த்திதான்.

ஜி பே-யில் பணம் வாங்கினால் நோட்டீஸ் வருமா?

பணம் வாங்குவது தவறில்லை. வரம்பைத் தாண்டியதாகத் தெரிந்தால் கேட்பார்கள். 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு கடைக்காரர்கள் பலருக்கு, யு.பி.ஐ. வரவை வைத்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. சில நாட்களிலேயே கடைகளில் ‘ரொக்கம் மட்டும்’ என்ற அட்டைகள் தொங்கின. அதிலிருந்து நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. வங்கிக் கணக்கில் வந்ததெல்லாம் வியாபார வரவாகத்தான் முதலில் தெரியும். சீட்டுப் பணம், மச்சினன் திருப்பிக் கொடுத்த கடன், கல்யாண மொய் எல்லாம் ஒரே கணக்கில் வந்தால், எது எது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பட்டறைக்குத் தனிக் கணக்கு வைப்பது இதற்கு எளிய வழி.

பதிவில்லாமல் இருப்பதால் பட்டறைக்காரருக்கு நட்டமே இல்லையா?

இருக்கிறது, வட்டியில். வரவுக்குக் காகிதம் இல்லாதவர் தண்டல்காரரிடம்தான் போவார். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி பத்து சதவீதம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், 100 நாளும் சராசரியாக உங்கள் கையில் இருப்பது சுமார் 4,500 ரூபாய்தான். 4,500-க்கு 100 நாளில் 1,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம். 35 ரூபாய்க் கூலியில் மிஞ்சும் 8 ரூபாயில் ஒரு பகுதி மாலை நேரத்தில் வண்டியில் வருபவரிடம் போய்க்கொண்டே இருக்கிறது. சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம். அதைக் காட்டி முத்ரா கடனில் 50,000 வரையிலான சிசு பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதை எடுப்பதாலேயே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டி வராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு உத்யமையும் தவிர்ப்பவர்கள் ஏராளம்.

2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தனவே, இனி மாறுமா?

பட்டறை அளவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர் என்றிருந்த வரம்பு, 21.11.2025 முதல் நடப்புக்கு வந்த தொகுப்பில் 20 ஆகியிருக்கிறது. இ.எஸ்.ஐ. வரம்பு 10 ஆகவே இருக்கிறது, பி.எஃப். வரம்பு 20. ஒன்பதில் நின்றவர்கள் தொழிற்சாலைச் சட்டத்துக்கு அஞ்ச வேண்டிய தேவை போய்விட்டது; இ.எஸ்.ஐ. கணக்கு அப்படியே நிற்கிறது.

நான் வீட்டில் தைக்கிறேன். பட்டறை என்னை எந்த ஏட்டிலும் சேர்க்காது. நான் தனியாக ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். முதலாளி கையெழுத்துப் போட மறுத்தால் அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். tnuwwb.tn.gov.in என்ற தளத்தில் விண்ணப்பிக்கலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புதவி, 60 வயதுக்குப் பின் மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பலருக்கு நடக்கும் பிழை, பதிவு செய்துவிட்டுப் புதுப்பிக்க மறப்பதும், ஆதாரில் கொடுத்த பழைய செல்பேசி எண் கைவிட்டுப் போவதும். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரிய வரும்.

இன்னொன்று. சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது உருப்படிக் கணக்கு எழுதும் நாற்பது பக்க நோட்டு உங்களிடமும் ஒன்று இருக்கும். பச்சைப் பூ 40, நீலக்கோடு 35, திரும்பியது 2, பாக்கி 300 என்று மாஸ்டர் கையால் எழுதியிருப்பார். நீங்கள் யாரிடம், எவ்வளவு காலம், என்ன கூலிக்கு வேலை செய்தீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் எழுத்துச் சான்று அது ஒன்றுதான். நோட்டு தீர்ந்ததும் பெரும்பாலோர் அதை அடுப்புப் பற்ற வைக்கப் போட்டுவிடுகிறார்கள். வாரா வாரம் அந்தப் பக்கத்தைச் செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள். தேதி எழுதாமல் விட்டிருந்தால், கூலியை எண்ணி வாங்குவதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள்.